22 நிமிட சீரியல், 8 எபிசோட் சீரிஸ்: வேகத்தை யார் முடிவு செய்கிறார்கள்?

'கோலங்கள்' சன் டிவியில் 2003 நவம்பரில் தொடங்கி 2009 டிசம்பரில் முடிந்தது. மொத்தம் 1533 எபிசோட். விளம்பரத்தைக் கழித்துவிட்டு எபிசோடுக்கு 20 நிமிடம் என்று வைத்தாலே 500 மணி நேரத்தைத் தாண்டுகிறது. அமேசான் பிரைமில் 2022 ஜூனில் வந்த 'சுழல்' 8 எபிசோட்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாம்.

இந்த வித்தியாசத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம், "சீரியல்காரர்கள் இழுப்பார்கள், வெப் சீரிஸ்காரர்கள் நறுக்கென்று சொல்வார்கள்" என்பது. இதில் விளக்கம் எதுவும் இல்லை. 'அயலி'யில் அம்மாவாக நடித்த அனுமோல்தான் 100 எபிசோட் ஓடிய 'ஹார்ட் பீட்'டிலும் முக்கியப் பாத்திரம். நடிகர்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆள் மாறவில்லை, காசு வரும் வழி மாறுகிறது. எந்த நிமிடத்துக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் நீளம், வேகம், கதைக்கரு மூன்றுக்கும் காரணம் அங்கிருந்தே கிடைக்கும்.

அரைமணி நேரம் என்ற சரக்கு

சீரியலில் விற்கப்படுவது கதை அல்ல, விளம்பர நேரம். தமிழில், குறிப்பாக சன் டிவியில், நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது ஸ்லாட் முறை. தயாரிப்பாளர் அந்த அரைமணி நேரத்துக்குச் சேனலுக்கு ஒளிபரப்புக் கட்டணம் கட்டுவார். பதிலுக்கு எபிசோடுக்கு இத்தனை நிமிடம் என்று விளம்பர நேரம் அவருக்குக் கிடைக்கும். அதை விற்று வரும் பணத்தில் கட்டணம், படப்பிடிப்புச் செலவு, லாபம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொரு முறையில் சேனலே எபிசோடுக்கு இவ்வளவு என்று தயாரிப்பாளருக்குக் கொடுத்துவிட்டு விளம்பரத்தைத் தானே விற்றுக்கொள்ளும். எந்த முறையானாலும் வருமானத்தின் அலகு ஒளிபரப்பாகும் ஒரு நாள். நூறு நாள் ஓடினால் நூறு பங்கு, ஆயிரம் நாள் ஓடினால் ஆயிரம் பங்கு.

செலவுக் கணக்கு இதற்கு நேர்மாறு. முதல் ஐம்பது எபிசோடுகளில்தான் செலவு கூடுதல். வீடு பிடிக்க வேண்டும், டைட்டில் பாட்டு எடுக்க வேண்டும், ஊர் முழுக்க போஸ்டர் ஒட்ட வேண்டும், யார் யாருக்கு மாமியார் என்று பார்ப்பவர்கள் மனதில் பதிய வைக்க வேண்டும். அதன்பின் அதே ஹால், அதே சமையலறை, அதே மாடிப்படி. ஒவ்வொரு எபிசோடும் முந்தையதைவிடச் சல்லிசாக முடியும். பார்வையாளர்களும் அந்த நேரத்துக்குப் பழகிவிடுவார்கள். அப்படி ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்தினால், அந்த ஸ்லாட்டில் புதிதாக வரும் சீரியல் ரேட்டிங் பிடிக்க மாதக்கணக்காகும், பிடிக்காமலே போகவும் வாய்ப்புண்டு. அதனால் நல்ல சீரியலை முடிக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. ரேட்டிங் விழுந்த சீரியல்தான் அவசரமாக முடிக்கப்படும். தமிழ் சீரியல்களின் கடைசி வாரங்கள் பெரும்பாலும் முன்னுக்குப் பின் பொருந்தாமல் இருப்பதற்கு இதுவே காரணம். அந்த முடிவை யாரும் முன்கூட்டி எழுதிவைத்திருப்பதில்லை, ஸ்லாட் கைமாறும் தேதி தெரிந்த பிறகு எழுதுகிறார்கள்.

ஓடிடியில் இந்தக் கணக்கு தலைகீழ். தயாரிப்பு நிறுவனமும் தளமும் ஒரு சீசனுக்கு ஒரு தொகை பேசி முடித்துவிடும். தளத்தின் வருமானம் சந்தாவிலிருந்து வருகிறது. பார்ப்பவர் 8 எபிசோட் பார்த்தாலும் 16 எபிசோட் பார்த்தாலும் அந்த மாதச் சந்தா அதேதான். ஆனால் எபிசோட் ஒவ்வொன்று கூடும்போதும் செலவு கூடும். சந்தாதாரர் ஒரு சீரிஸைப் பாதியில் விட்டுவிட்டால் தளத்துக்கு அது கெட்ட செய்தி. சீக்கிரம் பார்த்து முடித்து, அடுத்தது என்ன என்று தேடினால் நல்ல செய்தி. 'நவம்பர் ஸ்டோரி', 'விலங்கு' இரண்டும் 7 எபிசோட். 'சுழல்', 'வதந்தி', 'அயலி' மூன்றும் 8. தமிழ் சீரிஸ்கள் இந்த 7, 8 என்ற எண்ணிலேயே வந்து நிற்பதன் பின்னணி இதுதான்.

ஒரு டம்ளர் கீழே விழுந்தால்

கேபிள் டிவி விதிகளின்படி ஒரு மணி நேரத்தில் விளம்பரம் 12 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. அரைமணிக்கு 6 நிமிடம் போனால் சீரியலுக்கு 24 கிடைக்க வேண்டும். நடைமுறையில் 20 முதல் 22 நிமிடம் மிஞ்சும். அதில் முந்தைய நாள் காட்சி ஒன்றிரண்டு நிமிடம், டைட்டில் பாட்டு, முடிவில் நாளைய முன்னோட்டம். இவற்றையும் கழித்தால் புதுக் கதைக்குக் கிடைப்பது 17, 18 நிமிடம். அதுவும் ஒரே துண்டாகக் கிடைக்காது. இடையில் இரண்டு மூன்று விளம்பர இடைவேளை வரும். ஒவ்வொரு இடைவேளைக்கு முன்னாலும் பார்ப்பவர் ரிமோட்டைத் தொடாதபடி ஒரு சின்ன முடிச்சு விழ வேண்டும். கடைசியில் பெரிய முடிச்சு, உறைந்துபோன ஒரு முகம், "தொடரும்".

இப்படி வாரத்துக்கு 6 நாள். மாதத்துக்கு 25, 26 எபிசோட். படப்பிடிப்பு மாதத்தில் இருபது நாளைத் தாண்டாது, ஏனென்றால் நடிகர்கள் பலர் இரண்டு மூன்று சீரியல்களுக்குக் கால்ஷீட் கொடுத்திருப்பார்கள். அப்படியென்றால் படப்பிடிப்பு நடக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு முழு எபிசோடுக்கும் சற்றே கூடுதலாக எடுத்தாக வேண்டும். சினிமாவில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று நிமிடம் தேறினால் போதும் என்பார்கள். இங்கே 20 நிமிடத்துக்குக் குறைந்தால் மறுவாரம் ஒளிபரப்புக்கு எபிசோட் இருக்காது.

இருபது நிமிடத்தை எப்படி எடுக்கிறார்கள்? ஹாலில் எட்டுப் பேர் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாசலில் ஒருவர் வந்து, "அவங்களுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சு" என்கிறார். மாமியார் கையில் இருந்த டம்ளர் விழுகிறது. வசனம் மொத்தம் நாலு விநாடி. அதன்பின் எட்டு முகங்கள், முகத்துக்கு 4 விநாடி. பின்னணி இசை ஏறியதும் இன்னொரு சுற்று, இந்த முறை இன்னும் நெருக்கமாக. ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடிவிட்டது, ஒரு வார்த்தை எழுதவில்லை. இந்த ரியாக்ஷன் ஷாட்களுக்கு ஒரே லைட்டிங் போதும். வரிசையாக நிற்கவைத்து அதிர்ச்சி, கோபம், உள்ளூர மகிழ்ச்சி என்று மொத்தமாக எடுத்துவிடலாம். இதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் பலர். ஆனால் குறித்த நேரத்தில் நிமிடங்களைத் தயாரிக்க இதைவிட மலிவான வழியை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

வசனத்துக்கும் இதே அவசரம். அன்றைய காட்சிக்கான வசனத் தாள் பல நேரம் அன்று காலையில்தான் வரும். நடிகர் மனப்பாடம் செய்ய நேரமில்லை. உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வரி வரியாகச் சொல்லிக்கொடுக்க, நடிகர் அதைத் திருப்பிச் சொல்வார். பிராம்ப்டிங் சத்தம் பதிவாகிவிடும் என்பதால் பிறகு டப்பிங் பேச வேண்டும். ஒருவர் பேசி முடித்ததும் மற்றவர் அரை விநாடி காத்திருந்து பேசுவதும், யாரும் யார் பேச்சிலும் குறுக்கிடாமல் இருப்பதும் இந்த முறையின் தழும்புகள். வீட்டில் நாம் பேசிக்கொள்வது போல மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசும் காட்சியைச் சீரியலில் அதிகம் பார்க்க முடியாது.

சீரியலைப் பாதிப்பேர் காதால்தான் பார்க்கிறார்கள் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். இரவு 7 முதல் 9 வரை அடுப்படி வேலை, பிள்ளைகளின் வீட்டுப்பாடம், வாசலில் வரும் ஆள் என்று எல்லாமே நடக்கும் நேரம். திரையைப் பார்க்காமலே கதை புரிய வேண்டும். அதனால்தான் பாத்திரங்கள் தாங்கள் நினைப்பதை மைண்ட் வாய்ஸாகச் சொல்கிறார்கள். அதனால்தான் நேற்று நடந்ததை இன்று இன்னொருவரிடம் முழுதாக ஒப்பிக்கிறார்கள். மூன்று நாள் விட்டுப் பார்த்தாலும் கதை பிடிபட வேண்டும். இதைக் குறை என்று மட்டும் சொல்லிவிட முடியாது, அது அந்த வடிவத்தின் வேலை.

எழுதி முடித்துவிட்டு எடுப்பது

வெப் சீரிஸில் கேமரா ஓடத் தொடங்கும் முன்பே எட்டு எபிசோடும் எழுதி முடிந்திருக்கும். தளத்தின் ஆட்கள் முதலில் கதைச் சுருக்கத்தையும் பிறகு எபிசோட் வாரியான பிரிப்பையும் பிறகு முழுத் திரைக்கதையையும் படித்து, ஒவ்வொரு கட்டத்திலும் குறிப்பு அனுப்புவார்கள். இதற்கு ஒரு வருடம்கூட ஆகும். எழுதுபவர் ஒருவர், இயக்குபவர் வேறொருவர் என்பதும் இங்கே சாதாரணம். 'சுழல்' புஷ்கர் – காயத்ரி எழுதியது. இயக்கத்தைப் பிரம்மாவும் அனுசரணும் பங்கிட்டுக்கொண்டார்கள். இரண்டு இயக்குநர்கள் எடுத்தும் கதை ஒரே ஊரில் ஒரே ஆட்களோடு ஓடுகிறதென்றால், கையில் முழுக் கதையும் இருந்ததுதான் காரணம்.

எழுதி முடித்திருப்பதால் எபிசோட் வரிசையில் எடுக்க வேண்டிய அவசியமில்லை. ஒரு போலீஸ் ஸ்டேஷன் கிடைத்தால், 1ஆம் எபிசோடிலிருந்து 7ஆம் எபிசோட் வரை அங்கே நடக்கும் எல்லாக் காட்சிகளையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். பணம் மிச்சம், ஆனால் கன்டினியூட்டி பார்ப்பவருக்குத் தலைவலி. காலையில் எடுக்கும் காட்சியில் நாயகனுக்குச் சந்தேகம் மட்டும்தான், மத்தியானம் எடுக்கும் காட்சியில் உண்மை தெரிந்துவிட்டது. அந்த இடைவெளியில் அவர் முகம் எவ்வளவு மாறியிருக்க வேண்டும் என்பதை அன்றைக்கே கணக்கிட வேண்டும். ஒரு நாளைக்கு 4, 5 நிமிடம் எடுத்தாலே நல்ல நாள். சீரியலின் 20 நிமிடத்தோடு ஒப்பிட்டால், ஒவ்வொரு நிமிடத்துக்கும் நாலைந்து மடங்கு நேரம் கிடைக்கிறது. மௌனம், தூரத்து ஷாட், முதுகைக் காட்டிப் பேசும் ஆள் எல்லாம் அந்தக் கூடுதல் நேரத்தில்தான் சாத்தியமாகின்றன.

வேகத்தை இன்னொன்றும் தீர்மானிக்கிறது. முதல் எபிசோடைப் பார்த்துவிட்டு இரண்டாவதைத் தொடாமல் போகிறவர்களைத் தடுத்தாக வேண்டும். 'சுழல்' முதல் எபிசோடிலேயே சிமென்ட் தொழிற்சாலை எரிகிறது, தொழிற்சங்கத் தலைவரின் மகள் காணாமல் போகிறாள், ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா நடந்துகொண்டிருக்கிறது. 'வதந்தி'யில் சினிமாப் படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் ஒரு பெண்ணின் பிணம் கிடக்கிறது. சீரியலில் முதல் வாரம் முழுக்கக் குடும்பத்தை அறிமுகப்படுத்துவார்கள், இங்கே 40 நிமிடத்துக்குள் ஒரு சாவு விழுந்தாக வேண்டும்.

ஆனால் வெப் சீரிஸ் இழுப்பதே இல்லை என்பது தவறு. சீரியல் நாளுக்கு நாள் இழுத்தால் இது நடுவில் இழுக்கும். தமிழில் பல சீரிஸ்கள் இரண்டரை மணி நேரச் சினிமாவாக யோசிக்கப்பட்டு, தயாரிப்பாளர் கிடைக்காமல் சீரிஸாக விரிக்கப்பட்டவை. முதல் இரண்டு எபிசோடும் கடைசி இரண்டு எபிசோடும் கெட்டியாக இருக்கும். 4 முதல் 6 வரை தண்ணீர் ஊற்றின ரசம். கண்டுபிடிப்பது சுலபம். எபிசோடுக்கு ஒருவர் வீதம் புதுச் சந்தேக நபர் வருவார், அந்த எபிசோட் முடிவதற்குள் அவர் குற்றவாளி இல்லை என்று தெரிந்துவிடும். அவருடைய பகுதியை அப்படியே தூக்கிவிட்டுப் பார்த்தாலும் கதையில் எங்கும் ஓட்டை விழாது. துப்பறியும் அதிகாரியின் வீட்டுப் பிரச்சினையும் இந்த நடு எபிசோடுகளில்தான் திடீரென்று தலைகாட்டும். கதை கேட்காத நீளத்தை ஒப்பந்தம் கேட்டிருக்கிறது என்பதற்கு இவைதான் அடையாளம். இந்த வகையில் 'விலங்கு' தப்பித்தது. அதில் நடுவில் வருவது போலித் துப்பு அல்ல, வேம்பூர் ஸ்டேஷனின் அன்றாடம். அதிகாரிக்குப் பயப்படும் எஸ்.ஐ., பழி யார் தலையில் விழும் என்ற பதற்றம், ஏட்டுகளின் நக்கல் என்று அந்தச் சூழலே கதையை நகர்த்துகிறது.

சீரியலுக்கு இருக்கும் ஒரு வசதி சீரிஸுக்குக் கிடையாது. போகப் போகத் திருத்திக்கொள்ளலாம். வாராவாரம் ரேட்டிங் வருகிறது. ஒரு டிராக் எடுபடவில்லை என்றால் அடுத்த வாரமே அதை மூடலாம், துணைப் பாத்திரம் ஒன்று பிடித்துப்போனால் அதற்குக் காட்சிகளைக் கூட்டலாம். நடிகர் விலகினால் "இவருக்குப் பதில் இவர்" என்று ஒரு கார்டு போட்டுவிட்டு மறுநாள் ஒளிபரப்பலாம். ஆனால் கையிருப்பு மெல்லியது. 2020 மார்ச்சில் கொரோனாவால் படப்பிடிப்பு நின்றபோது, முன்கூட்டியே எடுத்துவைத்த பேங்க் எபிசோடுகள் சில வாரங்களுக்குள் தீர்ந்துபோய் 'மெட்டி ஒலி'யை மறுபடி ஒளிபரப்ப வேண்டியதாயிற்று.

எதைச் சொல்லலாம் என்பதைவிட, எதை முடிக்கலாம்

சீரியலுக்குத் தணிக்கை உண்டு, ஓடிடிக்கு இல்லை, அதனால் அங்கே சுதந்திரம் என்று சொல்லப்படுவதுண்டு. அதில் பாதிதான் சரி. சீரியல்களும் சென்சார் போர்டுக்குப் போவதில்லை. கேபிள் டிவி சட்டத்தின் கீழ் வரும் நிகழ்ச்சி நெறிமுறை இருக்கிறது. ரசனைக்கும் கண்ணியத்துக்கும் புறம்பானது கூடாது, பெண்களை இழிவுபடுத்தக் கூடாது, எல்லாரும் பார்க்கத் தகாதது கூடாது என்று பட்டியல் நீளும். மூடநம்பிக்கையை ஊக்குவிக்கக் கூடாது என்றும் அதில் ஒரு விதி உண்டு. மை வைப்பதும் எலுமிச்சம்பழத்தில் ஊசி குத்துவதும் மாதக்கணக்கில் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த விதி எவ்வளவு கறாரானது என்று புரிந்திருக்கும். புகார் வந்தால்தான் விசாரணை. அதற்கு முன்னதாகவே வேலை செய்யும் தணிக்கை சேனலின் நிகழ்ச்சிப் பிரிவும் விளம்பரதாரரும்தான். குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும் நேரத்தில் யாரும் எழுந்துபோகும்படி எதுவும் வந்துவிடக் கூடாது என்பது அவர்களின் ஒரே அளவுகோல்.

அப்படியென்றால் சீரியல் கனமான கருவைத் தொடுவதே இல்லையா? தொடுகிறது. திருச்செல்வம் இயக்கிய 'எதிர்நீச்சல்' 2022 பிப்ரவரியில் தொடங்கி 2024 ஜூன் வரை 700 எபிசோடுக்கு மேல் ஓடியது. படித்த மருமகள்களை வேலைக்குப் போகவிடாமல், வீட்டுக்குள் வைத்து ஆளும் ஆதிமுத்து குணசேகரன்தான் அதன் அச்சு. ஜனநாயகம், சொத்து, படிப்பு என்று பெண்கள் பேசிய வசனங்கள் எந்த வெப் சீரிஸுக்கும் சளைத்தவையல்ல. ஆனால் மாரிமுத்து நடித்த அந்தப் பாத்திரமே சீரியலின் எரிபொருளாகிவிட்டது. அவர் தோற்றுவிட்டால் சீரியல் முடிந்துவிடும். அதனால் மருமகள் ஜனனி ஒரு படி ஏறினால் குணசேகரன் ஒரு படி இறக்கிவிடுவார். 2023 செப்டம்பரில், அந்த சீரியலுக்கான டப்பிங்கின்போது நெஞ்சுவலி ஏற்பட்டு மாரிமுத்து காலமானார். குணசேகரனை அத்தோடு கதையிலிருந்து விலக்க வழி இருந்தது. ஆனால் அந்தப் பாத்திரம் வேல ராமமூர்த்தியின் முகத்தோடு திரும்பி வந்தது. 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று அடுத்த பாகம் வந்தபோதும் எதிரி அவர்தான். ஆணாதிக்கத்தை எதிர்க்கும் கதை ஒன்று ஆணாதிக்கவாதி இல்லாமல் ஒரு வாரம்கூட ஓட முடியாத நிலை. கருவைத் தொடும் சுதந்திரம் இருக்கிறது, முடித்துவைக்கும் சுதந்திரம் இல்லை.

இதோடு 'அயலி'யை வைத்துப் பார்க்கலாம். 2023 ஜனவரியில் ஜீ5இல் வந்தது, முத்துக்குமார் இயக்கம். 1990 வாக்கில் புதுக்கோட்டைப் பக்கத்து வீரப்பண்ணை என்ற கற்பனைக் கிராமம். பெண் வயதுக்கு வந்துவிட்டால் பள்ளிக்கூடம் நின்றுவிடும், உடனே கல்யாணம். மீறினால் அயலி தெய்வம் கோபித்துக்கொள்ளும் என்பது ஊர் நம்பிக்கை. டாக்டராக ஆசைப்படும் தமிழ்ச்செல்வி வயதுக்கு வந்ததை மறைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள். அம்மா குருவம்மாளுக்கு அது தெரியவருகிறது.

இந்தக் கருவைச் சீரியலுக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? ரகசியம் என்பது சீரியலுக்குப் பொன்முட்டை. முதல் மாதம் மறைப்பது. அடுத்து அத்தை ஜன்னல் ஓரம் நின்று பாதியைக் கேட்டுவிடுவார், மீதியைக் கேட்பதற்குள் யாராவது கூப்பிடுவார்கள். வெள்ளிக்கிழமைதோறும் ரகசியம் உடைவது போல வந்து, திங்கட்கிழமை சமாளிக்கப்படும். நடுவில் தோழி ஒருத்தியின் மஞ்சள் நீராட்டு விழா ஒரு வாரச் சிறப்பு எபிசோடாகும், ரேட்டிங் நன்றாக இருந்தால் இன்னொரு சீரியலோடு சேர்த்து மகாசங்கமம். நாயகி 1990இல் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதுவதற்குள் நடிகைக்குக் கல்லூரி முடிந்துவிடும். இதில் கேலி எதுவும் இல்லை. வாரத்துக்கு 6 எபிசோட் தேவைப்படும் இடத்தில் எந்த எழுத்தாளரும் அந்த ரகசியத்தை இப்படித்தான் செலவழிக்க முடியும்.

'அயலி' அதே ரகசியத்தை ஏறக்குறைய நாலு மணி நேரத்துக்குள் செலவழிக்கிறது. அம்மாவுக்குத் தெரியவந்ததும் கதை திசைமாறுகிறது. யார் கண்டுபிடிப்பார்கள் என்ற கேள்வி போய், இத்தனை வருடம் சொன்னதைக் கேட்டு வாழ்ந்த குருவம்மாள் என்ன செய்வாள் என்ற கேள்வி வருகிறது. ரகசியத்தை விரைவாகக் கைவிட முடிந்ததால்தான் அதற்குப் பின்னால் இருக்கும் விஷயத்துக்குப் போக முடிந்தது. இன்னொன்று: மாதவிடாயைப் பற்றி ஓடிடியில்தான் பேச முடியும் என்று சட்டம் எதுவும் இல்லை. சீரியலுக்கு நடுவே நாப்கின் விளம்பரம் நீலத் திரவத்தோடு தினமும் வருகிறது. சடங்கைக் கொண்டாடும் காட்சிக்குச் சேனலில் தடையே இல்லை. சடங்கை ஒரு பெண் ஏமாற்றுவதையும், அதைப் பார்ப்பவர்கள் அவள் பக்கம் நிற்க வேண்டும் என்பதையும் இரவு 7 மணிக்கு வைப்பதுதான் சிக்கல்.

ஓடிடியின் சுதந்திரத்துக்கும் வேலி இருக்கிறது. 2021 ஜனவரியில் 'தாண்டவ்' என்ற இந்தி சீரிஸின் மீது வழக்குகள் குவிந்து, எடுத்தவர்கள் மன்னிப்புக் கேட்டுக் காட்சிகளை நீக்கினார்கள். அடுத்த மாதமே மத்திய அரசின் டிஜிட்டல் ஊடக விதிகள் வந்தன. யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என்று தளமே தன் சீரிஸை வகைப்படுத்திக்கொள்ள வேண்டும். புகார் வந்தால் 15 நாளுக்குள் தளத்தின் குறைதீர் அதிகாரி முடிவு சொல்ல வேண்டும். அதற்கு மேல் துறையின் சுய ஒழுங்கு அமைப்பு, அதற்கும் மேல் அரசின் குழு. அதே ஆண்டு 'தி ஃபேமிலி மேன்' இரண்டாம் சீசனை எதிர்த்துத் தமிழ்நாடு அரசே மத்திய அரசுக்குக் கடிதம் எழுதியது. அதிலிருந்து திரைக்கதை நிலையிலேயே வக்கீல்கள் படிக்கிறார்கள். கெட்ட வார்த்தைக்கும் உடலுறவுக் காட்சிக்கும் ஏ போட்டுவிட்டுத் தப்பிக்கலாம். உண்மையான கட்சி, உண்மையான சாதிப் பெயர், உயிரோடு இருக்கும் தலைவர் என்றால் கதைக்குக் கற்பனை ஊரும் கற்பனைக் கட்சியும் வந்துவிடும். 'குயின்' (2019) யாருடைய வாழ்க்கை என்று தெரியாதவர் தமிழ்நாட்டில் இல்லை, ஆனால் அதில் நாயகி பெயர் சக்தி சேஷாத்ரி.

வேலியைவிடப் பெரிய குறுகல் ஒன்று, தானாகப் போட்டுக்கொண்டது. சுதந்திரம் கிடைத்ததும் தமிழ் வெப் சீரிஸ் கொலைக்குப் பின்னால் ஓடியது. 'நவம்பர் ஸ்டோரி', 'விலங்கு', 'சுழல்', 'வதந்தி' நான்கிலும் பிணமும் விசாரணையும் உண்டு. குழந்தைகள் மீதான பாலியல் அத்துமீறலைப் பற்றித் தீவிரமாகப் பேசும் 'சுழல்'கூட, அதைப் பேச ஒரு துப்பறியும் கதையின் தோளில் ஏற வேண்டியிருந்தது. சந்தா கட்டுபவரை எட்டு எபிசோட் நகர்த்திச் செல்ல "யார் செய்தது?" என்ற கேள்வியைவிடப் பத்திரமான கயிறு இல்லை என்று தளங்கள் நினைக்கின்றன. மாமியார் கொடுமை சீரியலுக்கு எப்படியோ, கொலை சீரிஸுக்கு அப்படி.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வடிவத்தை ஹாட்ஸ்டார் பிடித்தது. 'ஹார்ட் பீட்' 2024 மார்ச் 8இல் தொடங்கியது, தீபக் சுந்தர்ராஜன் இயக்கம். வாரத்துக்கு 4 எபிசோட் வீதம் 25 வாரம், 100 எபிசோட். ஆர்.கே. மருத்துவமனைக்குப் பயிற்சி டாக்டராக வரும் ரீனாவுக்கு, அங்கே தலைமைப் பொறுப்பில் இருக்கும் ரதிதான் தன்னைப் பிறந்ததும் விட்டுவிட்டுப் போன அம்மா என்பது தெரியும். சீரியலின் ரகசியம் அப்படியே இருக்கிறது, ஒரே கட்டடத்துக்குள் சுற்றும் சிக்கனமும் இருக்கிறது. ஆனால் விளம்பரத்துக்காகத் துண்டுபோட வேண்டியதில்லை, எபிசோடுக்கு எபிசோட் புதிது புதிதாக நோயாளிகள் வருவதால் ரகசியத்தைத் தினமும் தேய்க்க வேண்டியதில்லை. டாக்டர்களின் காதல், டியூட்டி ரூம் அரட்டை, தவறான சிகிச்சை என்று பளுவைப் பலர் சுமக்கிறார்கள். எட்டு எபிசோட் சீரிஸ் ஒரு வாரத்தில் பேசப்பட்டு மறக்கப்படுகிறது. இதுவோ ஆறு மாதம் வாரந்தோறும் பார்ப்பவரைத் தளத்துக்கு வரவழைத்தது, அதாவது ஆறு மாதச் சந்தா. 2025 மே மாதம் இரண்டாம் சீசன் வந்துவிட்டது. 'சுழல்' இரண்டாம் சீசனுக்கு ஏறக்குறைய மூன்று வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. சீரியலில் வேலை செய்த தொழில்நுட்பக் குழுக்களுக்கு இந்த நடு வடிவத்தில் வாய்ப்பு கூடுகிறது. ஒரு நாளைக்கு 20 நிமிடம் எடுத்துப் பழகிய கைக்கு 10 நிமிடம் எடுக்கச் சொன்னால் அது ஓய்வு மாதிரி, இரண்டு மூன்று நிமிடம் எடுத்துப் பழகிய சினிமா யூனிட்டால் 100 எபிசோடை இந்தப் பட்ஜெட்டில் முடிக்கவே முடியாது.